ஹோல்டர் சமனின்மை: ஸ்கொயர விட்டு வேற பவருக்குப் போறது எப்படி, சின்ன நம்பர்ல கையால செக் பண்ணி பாப்போம்

கோஷி-ஷ்வார்ட்ஸ் தெரிஞ்சவங்களுக்கு ஹோல்டர் பாதி தெரிஞ்ச மாதிரிதான். ஆனா புக்கத் திறந்தா முதல் வரியிலயே p, q, 1/p + 1/q = 1 னு வந்து நிக்கும், அது ஏன் ஒண்ணு, ஏன் ரெண்டு இல்ல, இந்த ஜோடிய யாரு முடிவு பண்ணதுன்னு யாரும் நின்னு சொல்ல மாட்டாங்க. அதனால இங்க நான் மூணு நம்பர் உள்ள லிஸ்ட் ரெண்ட வெச்சுக்கிட்டு மெதுவா போறேன். பேப்பர் பேனா போதும், ரெண்டு மூணு எடத்துல மட்டும் கால்குலேட்டர் வேணும்.

முதல்ல பழைய ஸ்கொயர் கேஸ்

ரெண்டு லிஸ்ட் எடுத்துக்கோங்க, a = (1, 2, 3), b = (4, 5, 6). ஜோடி ஜோடியா பெருக்கிக் கூட்டினா 4 + 10 + 18 = 32. இந்த 32 எவ்வளவு பெருசா போக முடியும்னு, ரெண்டு லிஸ்டையும் தனித்தனியா மட்டும் பாத்து ஒரு மேல்வரம்பு சொல்றதுதான் கோஷி-ஷ்வார்ட்ஸோட வேலை. a-வோட ஸ்கொயர்களக் கூட்டுங்க, 1 + 4 + 9 = 14. b-க்கு 16 + 25 + 36 = 77. ரெண்டையும் பெருக்கினா 1078, அதுக்கு ஸ்கொயர் ரூட் 32.83. ஆக 32 ≤ 32.83, சரியா இருக்கு, ரொம்ப கிட்டவும் இருக்கு.

இப்ப அதே a-வ வெச்சுக்கிட்டு b-ய மட்டும் (1, 4, 9) னு மாத்துங்க. பெருக்கிக் கூட்டினா 1 + 8 + 27 = 36. கோஷி-ஷ்வார்ட்ஸ் சொல்ற வரம்பு, 14-ஐயும் 98-ஐயும் பெருக்கி ரூட் எடுத்தா, 37.04. இதுவும் மோசமில்ல, ஆனா ஒரு ஒண்ணு இடைவெளி இருக்கு. இந்த இடைவெளிய ஸ்கொயர் தவிர வேற பவர் எடுத்து மூட முடியுமா? முடியும், முழுசாவே மூடலாம், அதான் கத.

வாக்கியம்

a, b ரெண்டும் பூஜ்யம் அல்லது பாசிட்டிவ் நம்பர்களா இருக்கட்டும், p ஒண்ண விடப் பெருசா இருக்கட்டும், q-வ 1/p + 1/q = 1 வர்ற மாதிரி எடுத்துக்கோங்க. அப்போ

```
Σ a·b  ≤  (Σ a^p)^(1/p) · (Σ b^q)^(1/q)
```

p = 2 போட்டா q-வும் 2, அதுதான் கோஷி-ஷ்வார்ட்ஸ். p = 3 போட்டா q = 3/2. p = 4 க்கு q = 4/3. மனசுல வெச்சுக்க q = p/(p−1) னு ஒரு ஃபார்முலா இருக்கு, ஆனா எனக்குப் புடிச்சது (p−1)(q−1) = 1 தான், ஏன்னா செக் பண்ண ஈஸி: 3-ல ஒண்ணு கழிச்சா 2, 3/2-ல ஒண்ணு கழிச்சா 1/2, பெருக்கினா 1, முடிஞ்சுது.

பேர் விஷயத்துல ஒரு சின்ன அநியாயம் உண்டு. லெனர்ட் ஜேம்ஸ் ராஜர்ஸ் 1888-லயே இத வேற உருவத்துல கண்டுபிடிச்சு எழுதிட்டாரு, ஓட்டோ ஹோல்டர் அடுத்த வருஷம் 1889-ல எழுதினாரு, ஆனா பேர் ஹோல்டருக்கே ஒட்டிக்கிச்சு.

ஸ்டெப் 1: முழு எண்ணா வர்ற மாதிரி நம்பர் எடுங்க

p = 3, q = 3/2 ஜோடிய கையால செக் பண்ணனும்னா b-யில எல்லாமே வர்க்க எண்ணா எடுத்துக்கிட்டா போதும், ஏன்னா 3/2 பவர்னா மொதல்ல ஸ்கொயர் ரூட், அப்புறம் கியூப். 4-க்கு ரூட் 2, கியூப் 8. 9-க்கு ரூட் 3, கியூப் 27. டெசிமலே வராது. அதனாலதான் மேல (1, 4, 9) எடுத்தேன்.

a = (1, 2, 3) க்கு கியூப்களோட கூட்டல் 1 + 8 + 27 = 36. b = (1, 4, 9) க்கு 3/2 பவர்களோட கூட்டல் 1 + 8 + 27, அதுவும் 36. இப்ப வலது பக்கம் 36-ஓட 1/3 பவரும் 36-ஓட 2/3 பவரும் பெருக்கணும். அடுக்குகளக் கூட்டினா 1/3 + 2/3 = 1, ஆக விடை 36. இடது பக்கமும் 36. கோஷி-ஷ்வார்ட்ஸ்ல இருந்த 1.04 இடைவெளி காணாமப் போச்சு.

இங்க இன்னொண்ணும் கவனிங்க. வலது பக்கத்துக்கு லிஸ்டோட வரிசையப் பத்தி எந்தக் கவலையும் இல்ல, கலைச்சுப் போட்டாலும் அதே 36 தான். இடது பக்கம் மட்டும் மாறும். a-வ ஆறு விதமா அடுக்கலாம், b-ய (1, 4, 9) னு அப்படியே வெச்சு ஆறையும் போட்டுப் பாத்துடலாம்:

```
a = (1,2,3):  1 +  8 + 27 = 36
a = (2,1,3):  2 +  4 + 27 = 33
a = (1,3,2):  1 + 12 + 18 = 31
a = (3,1,2):  3 +  4 + 18 = 25
a = (2,3,1):  2 + 12 +  9 = 23
a = (3,2,1):  3 +  8 +  9 = 20
```

ஆறுமே 36-க்கு மேல போகல. கடைசி வரில 20 தான் வருது, 36-ல இருந்து எவ்வளவோ தள்ளி. அந்த 16 எங்க தொலைஞ்சுதுன்னு ப்ரூஃப் வரும்போது வரிவரியா கணக்குப் பாப்போம்.

ஸ்டெப் 2: ஜோடி ஏன் 1/p + 1/q = 1

முதல்ல எல்லாரும் நெனைக்கிறது, a-வ ரெட்டிப்பாக்கினா ரெண்டு பக்கமும் ரெட்டிப்பாகணும், அதனாலதான் இந்தக் கண்டிஷன்னு. நானும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். ஆனா பாருங்க, a-வ ரெட்டிப்பாக்கினா Σ a^p வந்து 2^p மடங்காகும், வெளிய இருக்கற 1/p ரூட் அத 2 மடங்கா ஆக்கிடும், இது p எதுவா இருந்தாலும் நடக்கும், q-வுக்கும் p-க்கும் சம்பந்தமே வேணாம். ஆக ரெட்டிப்பு டெஸ்ட் ஜோடியப் பத்தி ஒண்ணும் சொல்லாது.

சொல்றது வேற ஒரு டெஸ்ட். ரெண்டு லிஸ்ட்லயும் வெறும் 1 மட்டும் போடுங்க, எட்டு எட்டு. இடது பக்கம் 8. வலது பக்கம் 8-ஓட 1/p பவர், 8-ஓட 1/q பவர், ரெண்டையும் பெருக்கணும், அதாவது 8-ஓட (1/p + 1/q) பவர். இப்ப ஒருத்தர் p = 3, q = 3 னு தப்பா எடுத்தாருன்னு வைங்க, 1/3 + 1/3 = 2/3, 8-ஓட 2/3 பவர் 4. எட்டு நாலுக்குக் கம்மின்னு சொல்ற சமனின்மை, நேரா பொய். மாத்தி p = q = 3/2 எடுத்தா கூட்டல் 4/3, வலது பக்கம் 16. இது பொய் இல்ல, ஆனா தேவைக்கு ரெண்டு மடங்கு பெருசு, லிஸ்ட் நீளமாக ஆக இன்னும் மோசமாகும். கூட்டல் சரியா 1 ஆ இருந்தா 8 ≤ 8, ஒட்டிக்கிட்டு நிக்கும். ஒண்ணுக்குக் கம்மின்னா வாக்கியமே உடையும், அதிகம்னா உடையாது ஆனா தளர்ந்து போகும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கோடுதான் 1.

அதனால புதுசா ஒரு ஜோடி எழுதினா முதல்ல எல்லாம்-ஒண்ணு டெஸ்ட் போடுங்க, பத்து செகண்ட் ஆகாது.

ஸ்டெப் 3: அடித்தளம், ஒரே ஒரு ஜோடி நம்பருக்கான சமனின்மை

ப்ரூஃபோட முழு பலமும் யங் சமனின்மைல இருக்கு. வில்லியம் ஹென்றி யங் 1912-ல எழுதினது. ரெண்டே நம்பர், x, y, ரெண்டும் நெகட்டிவ் இல்ல:

```
x·y  ≤  x^p / p  +  y^q / q
```

p = 2 போட்டா xy ≤ (x² + y²)/2, இது (x−y)² ≥ 0 தான், எல்லாருக்கும் தெரிஞ்சது. பொதுவான p-க்கு இந்த ஸ்கொயர் வித்தை ஓடாது, அதனால படம் வரையணும். x அச்சுல t, மேல s = t^(p−1) னு ஒரு வளைகோடு வரைங்க. அதே கோட்ட பக்கவாட்டுல தலைய சாய்ச்சுப் பாத்தா t = s^(q−1), ஏன்னா (p−1)(q−1) = 1, அந்த ஃபார்முலா இங்கதான் வேலைக்கு வருது. கோட்டுக்குக் கீழ t = 0 முதல் x வரைக்கும் இருக்கற பரப்பு x^p/p. கோட்டுக்கும் நிமிந்து நிக்கிற அச்சுக்கும் நடுவுல s = 0 முதல் y வரைக்கும் இருக்கற பரப்பு y^q/q. இந்த ரெண்டு பரப்பும் சேந்து, x அகலம் y உயரம் உள்ள செவ்வகத்த எப்பவும் முழுசா மூடிடும், சில சமயம் ஓரத்துல கொஞ்சம் பிதுங்கிக்கிட்டு வெளிய நிக்கும். பிதுங்காம சரியா பொருந்தணும்னா செவ்வகத்தோட மூலை கோட்டு மேலயே இருக்கணும், அதாவது y = x^(p−1). அத வேற மாதிரி எழுதினா x^p = y^q.

நம்பர்ல பாக்கலாம், p = 3, q = 3/2. x = 2, y = 4 எடுத்தா இடது பக்கம் 8, வலது பக்கம் 8/3 + 16/3 = 8, சமம், ஏன்னா 4 = 2². x = 2, y = 1 எடுத்தா 2 க்கு எதிரா 8/3 + 2/3 = 10/3, கொஞ்சம் பிதுங்குது. x = 1, y = 4 எடுத்தா 4 க்கு எதிரா 1/3 + 16/3 = 17/3, இன்னும் கொஞ்சம் அதிகமா.

படம் நம்பாதவங்களுக்கு: y-ய நிறுத்தி வெச்சுட்டு x^p/p + y^q/q − xy ங்கறத x-ஆல டெரிவேட்டிவ் எடுங்க, x^(p−1) − y வரும், அது x = y^(q−1) ல பூஜ்யம், அதுக்கு முன்னாடி நெகட்டிவ், பின்னாடி பாசிட்டிவ், ஆக அதுதான் மிகக் கம்மியான எடம், அங்க மதிப்பப் போட்டா y^q(1/p + 1/q − 1) = 0. அவ்வளவுதான்.

ஸ்டெப் 4: லிஸ்டுக்கு ஏத்துறது, இங்கதான் எல்லாரும் வழுக்குறாங்க

ஆசைப்பட்டு நேரா ஒவ்வொரு ஜோடிக்கும் யங் போட்டு கூட்டினா Σ ab ≤ (Σ a^p)/p + (Σ b^q)/q னு வரும். இது உண்மைதான். ஆனா ஹோல்டர் இது இல்ல. வித்தியாசத்த உணரணும்னா a-வ பத்து மடங்காக்குங்க, a = (30, 20, 10), b = (1, 4, 9). நிஜக் கூட்டல் 200. யங்க நேரா கூட்டினா 36000/3 + 36·2/3 = 12024. ஹோல்டர் சொல்றது 360. பன்னிரண்டாயிரம் எங்க, முந்நூத்தி அறுபது எங்க. இங்க ரெட்டிப்பு டெஸ்ட் நல்லா உதவும்: a-வ ரெட்டிப்பாக்கினா வலது பக்கமும் சரியா ரெட்டிப்பாகணும், ஆகலன்னா ஏதோ ஒரு எடத்துல அளவு சரிபண்ணாம விட்டிருக்கோம்.

சரிபண்றது இப்படி. A = (Σ a^p)^(1/p), B = (Σ b^q)^(1/q) னு வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு a-வையும் A-யால வகுங்க, ஒவ்வொரு b-யையும் B-யால வகுங்க, அதுக்கு அப்புறம்தான் யங். ஒரு லிஸ்ட் முழுக்க பூஜ்யம்னா A இல்ல B பூஜ்யமாகி வகுக்க முடியாது, ஆனா அப்போ ரெண்டு பக்கமும் 0, பிரச்சின இல்ல. வகுத்த பிறகு x^p-களோட கூட்டல் சரியா 1, y^q-களோட கூட்டலும் 1. ஆக யங்கோட வலது பக்கங்கள எல்லாம் கூட்டினா 1/p + 1/q, அதாவது 1. இடது பக்கம் Σ ab / (AB). ரெண்டையும் சேத்தா Σ ab ≤ AB. ப்ரூஃப் முடிஞ்சுது, அந்த ஜோடிக் கண்டிஷன் ரெண்டாவது தடவ வேல செஞ்சத கவனிச்சிருப்பீங்க, ஒரு தடவ படத்துல, ஒரு தடவ இங்க.

இப்ப அந்த தொலைஞ்சு போன 16-க்கு வருவோம். a = (3, 2, 1), b = (1, 4, 9), p = 3. A-வோட கியூப் 36, B-யோட 3/2 பவர் 36, AB = 36. எல்லாத்தையும் 108-ன் பங்கா எழுதினா பின்னம் தொல்ல இல்ல:

```
ஜோடி      ab/36      யங் வரம்பு                        வீண்
(3, 1)     9/108     (1/3)(27/36)+(2/3)(1/36) = 29/108   20
(2, 4)    24/108     (1/3)(8/36)+(2/3)(8/36)  = 24/108    0
(1, 9)    27/108     (1/3)(1/36)+(2/3)(27/36) = 55/108   28
```

வலது பக்கம் கூட்டுங்க, 29 + 24 + 55 = 108, சரியா ஒண்ணு. இடது பக்கம் 60/108, அதாவது 20/36. வீணா போனது 20 + 0 + 28 = 48, 48/108 ங்கறது 16/36. தொலைஞ்ச 16 அப்படியே கெடச்சிடுச்சு, நடு ஜோடி ஒண்ணுமே வீணாக்கல, ஏன்னா 4 = 2², செவ்வகத்தோட மூலை கோட்டு மேலயே இருக்கு. ஓரத்துல இருக்கற ரெண்டு ஜோடிதான் எல்லாத்தையும் சாப்டுச்சு. எனக்கு இந்த அட்டவணையப் போட்ட பிறகுதான் ப்ரூஃப் நெஜமாவே புரிஞ்சுது, அதுவரைக்கும் அது வெறும் எழுத்து வித்தையாத்தான் தெரிஞ்சுது.

ஸ்டெப் 5: சமம் எப்ப வரும், அத வெச்சு p-ய எப்படி தேர்ந்தெடுக்கறது

ஒவ்வொரு வரிலயும் வீண் பூஜ்யமா இருந்தாத்தான் மொத்தத்துலயும் பூஜ்யம். அதாவது a^p லிஸ்டும் b^q லிஸ்டும் ஒண்ணுக்கு ஒண்ணு ஒரே விகிதத்துல இருக்கணும். இத b-க்காக எழுதினா, b வந்து a^(p−1)-ஓட ஏதோ ஒரு நிலையான மடங்கா இருக்கணும். p = 2 ன்னா b நேரா a-வோட மடங்கு, பழைய கோஷி-ஷ்வார்ட்ஸ் கண்டிஷன். p = 3 ன்னா b வந்து a²-ஓட மடங்கு, (1, 2, 3) க்கு (1, 4, 9) ஏன் பொருந்துச்சுன்னு இப்ப தெரியுது.

இது வெறும் தகவலா நிக்க வேணாம், p-ய தேர்ந்தெடுக்கற கருவியாவே பயன்படுத்தலாம். மொதல்ல எடுத்த (1, 2, 3), (4, 5, 6) க்கு திரும்பிப் போங்க. a ஒண்ணுல இருந்து மூணுக்கு, மூணு மடங்கு ஏறுது. b நாலுல இருந்து ஆறுக்கு, ஒன்றரை மடங்குதான் ஏறுது. b-யோட ஏத்தம் மெதுவா இருக்கு, அப்போ p−1 ஒண்ணுக்குக் கம்மியா இருக்கணும், p ரெண்டுக்குக் கம்மி. எவ்வளவு? 3-ஓட எந்தப் பவர் 1.5 தரும்னு பாத்தா லாக் போட்டு 0.37 வருது. ஆக p சுமார் 1.37, அதுக்கு ஜோடி q சுமார் 3.70. இப்ப பல p-க்கு வரம்பப் போட்டுப் பாக்கலாம், நிஜ விடை 32:

```
p = 1       36
p = 4/3     32.02
p = 1.37    32.01
p = 3/2     32.07
p = 2       32.83
p = 3       34.57
p = ∞       45
```

யூகிச்ச எடத்துலதான் குழி இருக்கு. முதல் வரியும் கடைசி வரியும் ஓர கேஸ்: p = 1 ன்னா q முடிவிலி, அப்போ b-க்கு பவர் கூட்டலுக்கு பதிலா அதுல பெரிய நம்பர எடுத்துக்கறோம், a-வோட கூட்டல் 6, b-ல பெருசு 6, பெருக்கினா 36. கடைசில a-ல பெருசு 3, b-யோட கூட்டல் 15, ஆக 45. எந்த p போட்டாலும் 32.00 சரியா வராது, ஏன்னா நடு நம்பர் ஒத்துழைக்கல, 2-ஓட 0.37 பவர் 1.29, ஆனா 5/4 வந்து 1.25 தான்.

இன்னொரு விஷயம், இந்த கருவி வேல செய்யாத எடம். a ஏறும்போது b எறங்குச்சுன்னா, (3, 2, 1) ம் (1, 4, 9) ம் மாதிரி, p−1 நெகட்டிவா வேணும்னு சொல்லும், அது நடக்காது. அங்க p-ய எப்படி மாத்தினாலும் 36-க்குக் கீழ எறங்கவே முடியாது, இதுக்கு கணக்கே போட வேணாம்: வலது பக்கத்துக்கு வரிசை தெரியாது, அதே நம்பர்கள (1, 2, 3), (1, 4, 9) னு அடுக்கினா நிஜக் கூட்டல் 36, வரம்பு அதுக்கும் பொருந்தணும், ஆக எந்த p-க்கும் வரம்பு 36 அல்லது மேலதான். நிஜ விடை 20 ஆ இருந்தாலும் ஹோல்டரால அத பாக்க முடியாது. அந்த மாதிரி எடத்துல வேற கருவி தேடணும்.

ஸ்டெப் 6: தப்பா போற எடங்கள்

நெகட்டிவ் நம்பர் முதல் கண்ணி. a = (1, −1), b = (1, −1), p = 3 போட்டா Σ ab = 2, ஆனா b பக்கம் −1-க்கு ஸ்கொயர் ரூட்டே கெடைக்காது, அத விட்டாலும் Σ a³ = 1 − 1 = 0, ஆக 2 ≤ 0 னு வந்து நிக்கும். ஸ்கொயர்ல பழகினவங்களுக்கு இது வராது, ஏன்னா ஸ்கொயர் நெகட்டிவ தானா முழுங்கிடும், கியூப் முழுங்காது. பவர் எடுக்கறதுக்கு முன்னாடி |a|, |b| னு மாத்திடுங்க, அப்போ வலது பக்கம் 2-ஓட 1/3 பவர், 2-ஓட 2/3 பவர், பெருக்கினா 2, சரியா சமம்.

ரெண்டாவது, p ஒண்ணுக்குக் கீழ போறது. p = 1/2 ன்னா q = −1 வரும், கூட்டல் 2 − 1 = 1, கண்டிஷன் பாக்கறதுக்கு ஓகே மாதிரிதான் தெரியும். ஆனா சமனின்மை தலைகீழாத் திரும்பிடும். a = (1, 4), b = (1, 2) எடுங்க. Σ ab = 9. a-வோட ரூட்களக் கூட்டினா 3, அத ஸ்கொயர் பண்ணா 9. b-யோட தலைகீழ்களக் கூட்டினா 3/2, அதுக்கு −1 பவர் 2/3. பெருக்கினா 6. ஒம்போது ஆறுக்கு மேல இருக்கு. இது விபத்து இல்ல, 0 < p < 1 க்கு, b எல்லாம் பாசிட்டிவா இருந்தா, எப்பவுமே ≥ தான். அதனால கண்டிஷன் ஒத்துப் போச்சுன்னு மட்டும் பாக்காம p > 1 இருக்கான்னும் பாத்துடுங்க.

மூணாவது, வெளி ரூட்ட மறக்கறது. நான் ஆரம்பத்துல ஒரு தடவ 1/q-வ விட்டுட்டு ரெண்டு பக்கம் எழுதி வீணாக்கினேன், கடைசில b-ய ரெட்டிப்பாக்கிப் பாத்தப்போதான் வலது பக்கம் ரெட்டிப்பாகாம 2^(3/2) மடங்காகி மாட்டிக்கிச்சு.

கம்ப்யூட்டர்ல செக் பண்ணணும்னா

```python
def holder(a, b, p):
    q = p / (p - 1)
    A = sum(abs(x)**p for x in a) ** (1/p)
    B = sum(abs(y)**q for y in b) ** (1/q)
    return sum(abs(x*y) for x, y in zip(a, b)), A * B

print(holder([1, 2, 3], [4, 5, 6], 1.5))
```

முதல் நம்பர் 32, ரெண்டாவது 32.07-க்கு பக்கத்துல வரும். p = 1 குடுக்காதீங்க, பூஜ்யத்தால வகுக்கப் போய் எர்ரர் அடிக்கும். சமம் வர்ற கேஸ்ல, (1, 2, 3), (1, 4, 9), p = 3 மாதிரி, ரெண்டாவது நம்பர் 36-க்கு மயிரிழை கீழ வந்து நின்னா சமனின்மை உடைஞ்சிடுச்சுன்னு பதறாதீங்க, அது டெசிமல் ரவுண்டிங், ஒப்பிடும்போது 1e-9 மாதிரி ஒரு சின்ன இடம் விட்டு ஒப்பிடுங்க.

ஒரு பயன், b முழுக்க ஒண்ணு

b-ல எல்லாம் 1 போட்டு p = 3 எடுத்துப் பாருங்க, n நம்பர் இருக்குன்னா b பக்கம் n-ஓட 2/3 பவர் வரும். ரெண்டு பக்கமும் கியூப் பண்ணா

```
(Σ a)^3  ≤  n^2 · Σ a^3
```

(1, 2, 3) க்கு இடது பக்கம் 6³ = 216, வலது பக்கம் 9 × 36 = 324. (2, 2, 2) க்கு 216-க்கு எதிரா 9 × 24 = 216, சமம், ஏன்னா b முழுக்க ஒரே நம்பர்னா a²-ம் முழுக்க ஒரே நம்பரா இருக்கணும். இதையே புரட்டிப் படிச்சா, மூணு பாசிட்டிவ் நம்பரோட கூட்டல் 6 ன்னா அவங்களோட கியூப் கூட்டல் 24-க்குக் கீழ போகவே முடியாது. கியூபுக்கு பதிலா நாலாவது பவர் கேட்டா p = 4, q = 4/3, அப்போ (Σ a)^4 ≤ n³ · Σ a^4, (1, 2, 3) க்கு 1296-க்கு எதிரா 27 × 98 = 2646.